மூணடி உறைத் தொட்டியில எத்தன லிட்டர் நிக்கும்?

வீட்டுக்குப் பின்னாடி தண்ணி சேத்து வைக்க சிமெண்ட் உறை இறக்கி தொட்டி போட்டோம், மூணடி அகலம், ஒரு அடி உயரத்துல ஆறு உறை, ஆக மொத்தம் ஆறடி ஆழம். எத்தன லிட்டர் நிக்கும்னு நான் போன்ல தட்டிப் பாத்துட்டு 4800னு பெருமையா சொன்னேன். கொத்தனார் சிரிச்சிட்டார். "சார், அதே மூணுக்கு மூணுல சதுரமா கட்டினாலே ஆயிரத்தஞ்சூறு லிட்டர்தான் வரும், வட்டத்துல எப்படி சார் கூட நிக்கும்?"

நான் போட்டது `3.14*3*3*6`. ஃபார்முலா சரிதான், π r² h. ஆனா r ங்கறது ஆரம், அதாவது நடுவுல இருந்து ஓரம் வரைக்கும். டேப்ப குறுக்க வச்சு அளந்தா கிடைக்கிறது விட்டம். நிஜத்துல யாரும் ஆரத்த அளக்கறதே இல்ல, தொட்டியோட நடுப்புள்ளிய எங்க போய் தேடறது, அதனால கைல இருக்கற நம்பர் எப்பவுமே விட்டம்தான், தப்பும் அங்கதான் ஆரம்பிக்குது. ஆரம் 1.5 அடி, அத வர்க்கம் பண்ணா 2.25, 3.14 × 2.25 × 6 = 42.4 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர், ஆக கிட்டத்தட்ட 1200. நான் சொன்னது சரியா நாலு மடங்கு. ரெண்டு மடங்கு அளவ போட்டா ரெண்டு மடங்கு விடைதானேன்னு தோணும், ஆனா அது வர்க்கமாகறதால ரெண்டு ரெண்டா நாலு.

கொத்தனார் சொன்னதுலயே சரிபாக்கற வழி இருக்கு. சிலிண்டர அப்படியே உள்ள வச்சு மூடற மாதிரி ஒரு சதுரப் பெட்டிய நினைச்சுக்கங்க, 3 × 3 × 6 = 54 கன அடி. வட்டம் அந்த சதுரத்துக்குள்ளதான் அடங்கும், நாலு மூலையும் வீண். எந்த சைஸ் சிலிண்டரா இருந்தாலும் பெட்டில 0.785 பங்குதான் அது, ஏன்னா 3.14ஐ நாலால வகுத்தா அதான். 42.4 / 54 போட்டா 0.785, ஓகே. என்னோட 169.6ஐ 54ஆல வகுத்தா 3.14 வரும். 3.14 வந்தாலே விட்டத்த ஆரம்னு போட்டுட்டோம்னு அர்த்தம். 1.57 வந்தா முதல்ல வர்க்கம் பண்ணிட்டு அப்புறம் நாலுக்கு பதிலா ரெண்டால வகுத்திருக்கோம்.

வர்க்கம் பண்ணவே மறந்தா கதை வேற. 3.14 × 1.5 × 6 = 28.3 கன அடி, பெட்டிய விட சின்னதுதான், பாத்தா சந்தேகமே வராது, வகுத்துப் பாத்தாதான் 0.52னு காட்டிக் கொடுக்கும். இதே தப்ப இஞ்ச்ல பண்ணா 0.04 வரும், ஒரே தொட்டிக்கு அடில ஒரு பங்கு இஞ்ச்ல ஒரு பங்குன்னு மாறுதுன்னா மூணு நீளத்துக்கு பதிலா ரெண்டத்தான் பெருக்கியிருக்கோம், அது கன அளவே இல்ல. போன்ல `3/2^2`னு அடிக்கறதும் இந்த ரகம்தான், 2ஐ மட்டும் வர்க்கம் பண்ணி 0.75னு குடுக்கும், `(3/2)^2`னு அடைப்புக்குறி போட்டாதான் 2.25.

இன்னொன்னு, பசங்களுக்கு கணக்கு சொல்லிக் குடுக்கறவங்க தயவுசெஞ்சு ஆரம் 2னு உதாரணம் எடுக்காதீங்க. ரெண்டோட வர்க்கமும் 4, ரெண்ட ரெண்டால பெருக்கினாலும் 4, வர்க்கத்த "ரெண்டால பெருக்கறது"னு நினைச்சிட்டிருக்கற பையனுக்கும் விடை சரியா வந்து டிக் விழுந்துரும். ஆரம் 1னாலும் அப்படித்தான், வர்க்கம் பண்ணாலும் பண்ணலேன்னாலும் ஒன்னு. 5 எடுத்தா 25க்கும் 10க்கும் வித்தியாசம் உடனே தெரியும்.

ஆனா 0.785 கண்டுபிடிக்காத தப்பு ஒன்னு இருக்கு, வெளி விட்டத்த அளந்துட்டு வர்றது. உறை ரெண்டு இஞ்ச் கனம்னா வெளில 40 இஞ்ச், உள்ள 36. கூடினது நாலு இஞ்ச்தானேன்னு விட்டா கணக்கு 1480 லிட்டர்னு சொல்லும், ஏன்னா 11 சதவீத தப்பு வர்க்கமாகி 23 ஆயிடுது. பெட்டியும் சேந்தே பெருசாகறதால பங்கு அதே 0.785 காட்டும். இதுக்கு தண்ணிதான் சாட்சி. எங்க மோட்டார்ல 20 லிட்டர் கேன் நிறைய 40 செகண்ட் ஆச்சு, அப்ப செகண்டுக்கு அரை லிட்டர், 1200 லிட்டருக்கு 40 நிமிஷம், 1480ன்னா 49, என்னோட 4800ன்னா ரெண்டு மணி நாப்பது நிமிஷம். காலியா இருந்தப்ப போட்டு விட்டேன், 41வது நிமிஷத்துல கொத்தனார் "சார் வழியுது, ஆஃப் பண்ணுங்க"ன்னு கத்தினார்.