கால மாறிலி: சொல்லும் பொருளும்

மின்தேக்கி ஒன்றை மின்தடை வழியாக மின்கலத்துடன் இணைத்தால், அதன் மின்னழுத்தம் உடனே மின்கலத்தின் அளவை எட்டிவிடுவதில்லை. முதலில் விரைவாகவும், போகப் போக மெதுவாகவும் உயர்கிறது. அந்த உயர்வின் வேகத்தை ஒரே எண்ணால் சொல்லும் அளவைத்தான் ‘டைம் கான்ஸ்டன்ட்’ என்கிறார்கள். தமிழில் ‘நேர மாறிலி’, ‘கால மாறிலி’ என்ற இரு வடிவங்களும் வழங்குகின்றன. கிரேக்க எழுத்தான τ (டௌ) இதன் குறியீடு.

‘மாறிலி’ என்பது ‘மாறு’, ‘இலி’ என்ற இரண்டும் சேர்ந்த சொல். மாற்றம் இல்லாதது என்று பொருள். மாறக்கூடிய அளவைக் குறிக்கும் ‘மாறி’ என்பதற்கு எதிரிணையாக இது நிற்கிறது. ஆனால் மின்னேற்றத்தின்போது மின்னழுத்தமும் மாறுகிறது, மின்னோட்டமும் மாறுகிறது. அப்படியானால் இங்கே மாறாதது எது என்ற கேள்வி எழும். மாறாதது ஒரு விகிதம். எந்தக் கணத்தில் கணக்கைத் தொடங்கினாலும், அதிலிருந்து ஒரு τ காலம் கடந்ததும், இன்னும் எட்ட வேண்டிய மீதி மின்னழுத்தம் அப்போதிருந்த மீதியில் 36.8 விழுக்காடாகக் குறைந்திருக்கும். முதல் τ முடிவில் மின்தேக்கி 63.2 விழுக்காடு ஏறியிருந்தால், இரண்டாவது τ முடிவில் அது 126 விழுக்காடு ஆவதில்லை, மீதியிருந்த 36.8-இல் 63.2 விழுக்காடு மட்டுமே கூடி 86.5 ஆகிறது. மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுதான்.

சொல்லின் முற்பகுதியைப் பொறுத்தவரை ‘காலம்’ என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. கடிகாரம் காட்டும் ஒரு புள்ளியை நேரம் என்கிறோம்; அலைவுக்காலம், அரை ஆயுட்காலம் என்று நீளும் இடைவெளியைக் காலம் என்கிறோம். சமன்பாட்டில் t என்பது நேரம், τ என்பது காலம் என்று பிரித்துச் சொன்னால் இரண்டும் குழம்புவதில்லை.

‘மின்தேக்கி’ என்ற பெயரும் கவனிக்கத்தக்கது. 1782-இல் வோல்ட்டா தம் கருவிக்கு இட்ட பெயரின் வழியே ‘கண்டன்சர்’ என்ற சொல் பரவியது. மின்விசிறி, மோட்டார் பழுதுபார்ப்பவர்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். பின்னர் நிலைபெற்ற ‘கெப்பாசிட்டர்’, கொள்ளுதல் என்ற பொருளுடைய லத்தீன் வேரிலிருந்து வந்தது. இலங்கைத் தமிழில் வழங்கும் ‘கொள்ளளவி’ அந்த வேர்ப்பொருளையே பின்பற்றுகிறது. ‘மின்தேக்கி’யோ நீரைத் தேக்குவது போன்ற ஒரு காட்சியைத் தருகிறது. ஆயினும் மின்தேக்கியில் ஒரு தகட்டில் சேரும் நேர்மின்னூட்டத்துக்கு ஈடான எதிர்மின்னூட்டம் மறு தகட்டில் இருப்பதால், மொத்த மின்னூட்டம் சுழியே; உண்மையில் தேங்குவது ஆற்றல் என்பதை மறக்கலாகாது.

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். 12 வோல்ட் மின்கலம், 47 கிலோஓம் மின்தடை, மின்னூட்டம் ஏதுமில்லாத 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஆகிய மூன்றும் தொடரிணைப்பில் உள்ளன. சாவியை மூடி 3 நொடி ஆனபின் மின்தேக்கியின் மின்னழுத்தம் என்ன?

```
τ = R × C = 47000 × 0.0001 = 4.7 s
V(t) = V₀ (1 − e^(−t/τ))
V(3) = 12 (1 − e^(−3/4.7))
     = 12 (1 − 0.528) ≈ 5.66 V
```

ஓமையும் ஃபாரடையும் பெருக்கினால் நொடி கிடைப்பது முதலில் வியப்பைத் தரலாம். ஓம் என்பது வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தது, ஃபாரட் என்பது கூலூமை வோல்ட்டால் வகுத்தது. பெருக்கும்போது வோல்ட் நீங்கிவிடுகிறது, ஆம்பியரால் வகுத்த கூலூம் எஞ்சுகிறது, அது நொடியே. மைக்ரோவையும் கிலோவையும் மாற்றாமல் பெருக்கி 4700 நொடி என்று எழுதிவிடுவது வழக்கமான பிழை. அந்த மதிப்பு சரியாக இருந்தால் மின்தேக்கி முக்கால் பங்கு ஏறவே ஏறத்தாழ 1 மணி 49 நிமிடம் ஆகும் என்று எண்ணிப் பார்த்தாலே தவறு புலப்படும்.

செய்முறையில் 5.66 வோல்ட் அப்படியே கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மின்பகு வகை மின்தேக்கியின் மேல் 100 என்று அச்சிட்டிருந்தாலும், ±20 விழுக்காடு வேறுபாடு அதற்கு இயல்பானது. ஆகவே τ 3.76 முதல் 5.64 நொடி வரை எங்கேனும் அமையலாம். அதற்கேற்ப, 3-ஆம் நொடியின் அளவீடு ஏறத்தாழ 6.60 வோல்ட்டாகவோ 4.95 வோல்ட்டாகவோ கூட வரலாம். சுற்றின் உண்மையான கால மாறிலியை அறிய, மின்னழுத்தம் 7.58 வோல்ட்டை, அதாவது 12-இல் 63.2 விழுக்காட்டை, எட்டும் நொடியைக் கடிகாரத்தில் குறித்தால் போதும். அந்த எண்ணே τ. மின்தடை 1 மெகாஓம் அளவுக்குப் பெரிதானால் மட்டும், 10 மெகாஓம் உள்தடை கொண்ட மல்டிமீட்டரே சுற்றின் ஒரு பகுதியாகிவிடுகிறது: மின்னழுத்தம் 12-ஐ எட்டாமல் 10.9 வோல்ட் அருகிலேயே நின்றுவிடும், கால மாறிலியும் ஏறத்தாழ 9 விழுக்காடு குறைந்து தெரியும்.