கொடைக்கானல் மண்ணில் எவ்வளவு பாதரசம் மிச்சம் இருக்கலாம்?

மலைப்பகுதித் தொழிற்சாலை வழக்குகளோடு என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, "சார், ஆலையைத்தான் மூடிட்டாங்களே, இனிமே என்ன கேஸ் போட முடியும்?" என்பதுதான். நம் சட்டத்தில் கனமான கேள்விகள் பலவும் ஆலை மூடிய மறுநாள்தான் தொடங்குகின்றன. உள்ளே மிச்சமிருப்பதை யார் எடுப்பது, எவ்வளவு எடுப்பது, எடுத்துவிட்டார்கள் என்று யார் சொல்வது? இந்த மூன்றுக்கும் கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையைவிட நல்ல பாடம் தமிழ்நாட்டில் கிடையாது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் இருந்த தெர்மாமீட்டர் ஆலை 1983இல் கொடைக்கானலுக்கு வந்தது. கொண்டுவந்தது பாண்ட்ஸ் நிறுவனம். அந்த நிறுவனம் கைமாறியதில் ஆலை பின்னர் இந்துஸ்தான் லீவரிடம், அதாவது இன்றைய இந்துஸ்தான் யூனிலீவரிடம் வந்து சேர்ந்தது. ஆலைக்கு அடுத்தே பாம்பார் சோலை. அங்கிருந்து இறங்கும் பாம்பாறுதான் கீழே கும்பக்கரை அருவியாகி பெரியகுளம் பக்கம் போகிறது. 2001 மார்ச்சில் கொடைக்கானலின் மூஞ்சிக்கல் பகுதியில் பழைய இரும்புக் கடை ஒன்றில் பாதரசம் ஒட்டிய உடைந்த தெர்மாமீட்டர் கண்ணாடி மூட்டை மூட்டையாகக் கிடப்பதை ஊர்க்காரர்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும் வெளியே கொண்டுவந்தார்கள். அந்த மாதமே ஆலை மூடியது. 2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு மறுசுழற்சிக்காகக் கப்பலில் அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. ஆலை வளாகத்து மண்ணில் கலந்த பாதரசம் மட்டும் இங்கேயே இருந்தது.

இனி சட்டத்துக்கு வருவோம். 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்' என்ற கொள்கையையும் 'முன்னெச்சரிக்கை'க் கொள்கையையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் அறிவித்தது. அது தோல் பதனிடும் ஆலைகள் பாலாற்றைக் கெடுத்ததற்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கு. வேலூரோடு முடிந்த சமாசாரம் என்று பலரும் நினைக்கிறார்கள். தோல் ஆலை ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் மாசு அபராதம் என்று அந்தத் தீர்ப்பு விதித்தபோது பெயர் சொன்ன ஐந்து மாவட்டங்களில் அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டமும் ஒன்று. கொடைக்கானல் இருக்கும் மாவட்டமே அதுதான்.

அந்தத் தீர்ப்பின்படி மாசுபடுத்தியவரின் பொறுப்பு இரண்டு பங்கு. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு ஒரு பங்கு. கெட்டுப்போன நிலத்தையும் நீரையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவு இன்னொரு பங்கு. ஒன்றைக் கொடுத்துவிட்டால் மற்றது தீர்ந்துவிடாது. கொடைக்கானலில், பாதரசத்தால் உடல்நலம் கெட்டது என்று முன்னாள் தொழிலாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயிருந்தார்கள்; அவர்களில் 591 பேருக்கும் நிறுவனத்துக்கும் 2016 மார்ச்சில் உடன்பாடு ஏற்பட்டு அந்த வழக்கு முடிந்தது. பேப்பரில் அதைப் படித்துவிட்டு "பாதரச வழக்கே முடிஞ்சுபோச்சு" என்று சொன்னவர்கள் நிறைய. முடிந்தது தொழிலாளர்கள் வழக்கு மட்டுமே. அதுவும் மனிதாபிமான அடிப்படையிலான சமரசம் என்றுதான் முடிந்தது. ஆலையால்தான் நோய் வந்தது என்று எந்த நீதிமன்றமும் அதில் தீர்மானிக்கவில்லை, நிறுவனமும் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த ஆலைத் தொழிலாளி தன் வழக்கில் எடுத்துக்காட்ட அதிலிருந்து ஒரு வரிகூடக் கிடைக்காது. சமரசம் தவறு என்று நான் சொல்லவில்லை. பதினைந்து வருடம் காத்திருந்தவர்களிடம் அப்படிச் சொல்ல எனக்கு வாயும் வராது. ஆனால் சமரசத்துக்கும் தீர்ப்புக்கும் உள்ள இந்த வித்தியாசம் தெரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போட வேண்டும்.

மண்ணின் கதை தனியாக ஓடியது. நாக்பூரில் இருக்கும் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமான நீரி மண்ணை ஆய்வு செய்தது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் இருந்தால் அதைத் தோண்டிச் சுத்தம் செய்ய வேண்டும், அதற்குக் கீழே இருந்தால் விட்டுவிடலாம் என்ற அளவு தூய்மைப்படுத்தும் திட்டத்துக்கு வரையறையானது. இருபது என்பது காதில் விழும்போது சின்ன எண்ணாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்றால் ஒரு டன் மண்ணில் 20 கிராம். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்றில் இருக்கும் பாதரசம் ஏறத்தாழ ஒரு கிராம். அப்படியானால் ஒரு டன் மண்ணில் இருபது தெர்மாமீட்டரை உடைத்து ஊற்றிய அளவு வரை மிச்சமிருந்தாலும் அது 'சுத்தமான' மண். கனடாவின் மண்தர அளவுகள் இப்படி இருக்கின்றன: வீடும் விவசாயமும் உள்ள இடத்துக்குக் கிலோவுக்கு 6.6 மில்லிகிராம், கடைகள் உள்ள இடத்துக்கு 24, தொழிற்பேட்டைக்கு 50. ஊர்க்காரர்கள் கேட்டது நியாயமான கேள்வி: சோலைக்காட்டு ஓரத்தில், ஓடை தொடங்கும் இடத்தில், வீடுகளுக்கான அளவைவிட மூன்று மடங்கு தளர்ந்த எண் எதற்கு?

எதிர்த்தரப்பின் வாதத்தையும் ஒழுங்காகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது வலுவானது. எண்ணைக் குறைக்கக் குறைக்கத் தோண்ட வேண்டிய மண் கூடும். வளாகம் சரிவில் இருக்கிறது. மண்ணைப் பிடித்து நிற்பவை மரங்கள்தான். அவற்றை வெட்டி ஆழமாகத் தோண்டினால், அடுத்த மழையில் பாதரசம் கலந்த மண்ணே ஓடையில் இறங்கும். அதனால் கடுமையான அளவுதான் ஆபத்து என்றார்கள். முன்னெச்சரிக்கைக் கொள்கையை இரண்டு தரப்பும் கையில் எடுத்துக்கொண்டார்கள் என்பதைக் கவனியுங்கள். தோண்டாமல் விட்டாலும் திரும்பப் பெற முடியாத சேதம், தோண்டினாலும் அதே.

இப்படி வரும்போது அந்தக் கொள்கையை எப்படிப் பொருத்துவது? வேலூர் தீர்ப்பு சொன்னது மூன்று விஷயங்கள். அரசும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் சேதத்தை முன்கூட்டியே கணித்துத் தடுக்க வேண்டும். மீட்க முடியாத சேதம் வரும் என்ற அச்சம் இருந்தால், விஞ்ஞானம் இன்னும் உறுதியாகச் சொல்லவில்லை என்பதைக் காரணம் காட்டி நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது. தன் செயலால் கெடுதல் இல்லை என்று நிரூபிக்க வேண்டியது ஆலைக்காரர் பொறுப்பு. இந்த மூன்றாவதுதான் மலைக்காரர்களுக்கு உண்மையான ஆயுதம். ஹைதராபாத்தின் குடிநீர் ஏரிகளுக்கு அருகே வந்த எண்ணெய் ஆலை பற்றிய நாயுடு வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம் இதை விரிவாக விளக்கியது. மாற்றத்தைக் கொண்டுவருபவரே அது தீங்கில்லை என்று காட்ட வேண்டும்.

கொடைக்கானலுக்குப் பொருத்தினால் கேள்வியே மாறிவிடுகிறது. '20 கெடுதல் என்று நிரூபியுங்கள்' என்று ஊரைக் கேட்பதற்குப் பதிலாக, 'இருபதை விட்டுவைத்தால் பாம்பாற்றுக்குப் பாதரசம் போகாது என்று நீங்கள் நிரூபியுங்கள்' என்று நிறுவனத்தைக் கேட்க வேண்டும். வளாகத்துக்குள் ஒரு மனிதர் நடமாடினால், மண் தூசியை மூச்சில் இழுத்தால் என்ன ஆகும் என்று மட்டும் கணக்குப் போட்டு வரும் எண், வேலிக்கு வெளியே ஓடும் ஓடைக்குப் பதில் ஆகாது. தண்ணீருக்கு அடியில் சேறு தேங்கும் இடத்தில் சில நுண்ணுயிர்கள் பாதரசத்தை மீத்தைல் பாதரசம் என்ற, உடலில் தேங்கும் நச்சாக மாற்றிவிடும். அது புழுவுக்கு, சின்ன மீனுக்கு, பெரிய மீனுக்கு என்று ஏறிக்கொண்டே போகும். தண்ணீரில் அளந்தால் கண்டுகொள்ள முடியாத அளவு, மீனில் அளந்தால் பளிச்சென்று தெரியும். ஆகவே தூய்மைப்படுத்தும் அறிக்கை கையில் வந்தால் நான் முதலில் பார்ப்பது மண் எண்ணை அல்ல. ஓடைச் சேறும் மீனும் அளந்தார்களா, மழைக்கு முன்னும் பின்னும் அளந்தார்களா, வேலை முடிந்த பிறகு எத்தனை வருடம் அளக்கப் போகிறார்கள், அளப்பவருக்குச் சம்பளம் கொடுப்பது யார் என்பதைத்தான்.

இனி, நடைமுறையில் இந்த வழக்குகள் எங்கே தோற்கின்றன என்று சொல்கிறேன். சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்றே இருக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்கான சட்டத்தின் 20ஆவது பிரிவு இந்த இரு கொள்கைகளையும் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று கட்டளையிடுகிறது. ஆனாலும் ஒரு நிபுணர் குழு 20 என்று சொல்லிவிட்டால், அதைத் தூக்கிவிட்டு வேறு எண்ணை வைக்க நீதிபதிகள் தயங்குவார்கள். அவர்கள் பார்ப்பது குழு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்ததா என்பதை. மக்கள் தரப்பு பெரும்பாலும் குழு முடிவு வந்த பிறகுதான் விழித்துக்கொள்கிறது. அப்போது கையில் இருப்பது கோபம் மட்டும், எதிர் அறிக்கை இருக்காது. எண் தீர்மானமாவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மேசையில். மனுவும், ஓடை பற்றிய கேள்விகளும், மாற்று நிபுணர் கருத்தும் அந்த மேசைக்குப் போய்ச் சேர்ந்து, முத்திரை வைத்த ஒப்புகை நம் கையில் இருக்க வேண்டும். அப்படி இருந்தால், பின்னால் தீர்ப்பாயத்தில் 'நாங்கள் கேட்டோம், குழு பதில் சொல்லவே இல்லை' என்று வாதாட முடியும். நீதிபதி காது கொடுக்கும் வாதம் அது.

மாதிரி எடுப்பதிலும் இதே சிக்கல். ஓடைத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். மூடியில் ஒரு தேதிகூட இருக்காது. நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவுப்படி, ஆலைக் கழிவுநீரை வாரிய அதிகாரி ஆலைக்காரருக்கு நோட்டீஸ் கொடுத்து எடுத்து, இரண்டாகப் பிரித்து, முத்திரையிட வேண்டும். அந்த முறை தவறினால் குற்ற வழக்கில் அந்த முடிவு சாட்சியாக நிற்காது. தீர்ப்பாயம் சாட்சியச் சட்டத்துக்கு அவ்வளவு கட்டுப்பட்டதல்ல. அதனால் நம் பாட்டில் முழு வீண் என்று சொல்ல மாட்டேன். அதை வைத்து, வாரியமே வந்து மாதிரி எடுக்க வேண்டும் என்று உத்தரவு கேட்கலாம். எடுத்த இடம், நேரம், எடுத்தவர் பெயர், எந்த லேப் என்று எழுதி, போட்டோவும் வைத்திருந்தால் அந்த உத்தரவு கிடைப்பது சுலபம்.

இழுத்தடிப்பைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். 2001இல் மூடிய ஆலையின் மண்ணைச் சுத்தம் செய்யும் வேலை முழுமையாகத் தொடங்கவே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. இத்தனை மழைக்காலங்களும் அந்தச் சரிவில்தான் பெய்தன. வேலூரிலும் இதே கதி. 1996இல் சொன்ன இழப்பீடு பலருக்குச் சேராமல், 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட்டு, அரசு முதலில் கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிட வேண்டியிருந்தது. எனக்கு இந்த உத்தரவு மிகவும் பிடித்திருக்கிறது. பணம் யார் தருவது என்று அரசும் ஆலையும் பேசி முடிக்கும் வரை விவசாயி காத்திருக்கக் கூடாது என்பதை அது ஏற்றுக்கொண்டது. கொடைக்கானல் போன்ற இடத்திலும், தூய்மைப்படுத்தும் தொகையை முதலிலேயே வாரியத்திடம் கட்டச் சொல்லி இடைக்கால உத்தரவு கேட்பதை இப்போது வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, காலக்கெடு. தீர்ப்பாயத்தில் இழப்பீடும் சீரமைப்பும் கேட்க, அதற்கான காரணம் முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து ஐந்து வருடம். சுற்றுச்சூழல் தகராறு என்று போனால் ஆறு மாதம்தான். இரண்டிலும் போதிய காரணம் காட்டினால் மேலும் அறுபது நாள் வரை கிடைக்கும், அதற்குமேல் கிடையாது. உங்கள் ஊர் ஆலையின் வாசலில் பூட்டுத் தொங்குவதைப் பார்த்தால், அந்த வாரமே வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்துக்குத் தகவல் உரிமை மனு போடுங்கள். கடைசி இயக்க அனுமதி, கழிவுக் கணக்கு, மூடும்போது ஆலை கொடுத்த திட்டம், இந்த மூன்றின் நகலும் கேளுங்கள். திட்டமே கொடுக்கவில்லை என்று பதில் வந்தால், அந்தப் பதில் கடிதத்தையே தீர்ப்பாயத்தில் போடும் மனுவின் முதல் இணைப்பாக வைத்துவிடலாம்.