மீட்டரில் 100, போனில் 94: வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

"மீட்டர் அதிகமா காட்டுது, மாத்திடலாமா?" எங்கள் ஒர்க்‌ஷாப்பில் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். காரின் வேக மீட்டரில் 100 காட்டும்போது போனின் ஜி.பி.எஸ். செயலியில் 94 இருந்தது என்று சொல்லி, எடுத்த படத்தையும் நீட்டுவார்கள். போன் காட்டியது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் மீட்டரும் கெட்டுப்போகவில்லை. அந்த 6 கி.மீ. வித்தியாசத்தில் பெரும்பகுதி தயாரிப்பாளரே தெரிந்து வைத்தது.

வண்டிக்குத் தன் வேகம் நேரடியாகத் தெரியாது. சக்கரம் வினாடிக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று சென்சார் எண்ணிச் சொல்கிறது. ஒரு சுற்றுக்கு இத்தனை மீட்டர் என்று கம்பெனியில் பதிந்துவைத்த ஓர் எண்ணால் அதைப் பெருக்கினால் வேகம் வந்துவிடும். சிக்கல் அந்த எண்ணில்தான் இருக்கிறது, ஏனென்றால் டயர் எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. 195/65 R15 டயரை எடுத்துக்கொள்வோம். கணக்குப்படி அதன் விட்டம் சுமார் 634 மி.மீ. புது டயரில் பட்டன் ஆழம் 8 மி.மீ. போல இருக்கும், பல நாடுகளில் 1.6 மி.மீ. வரை தேயலாம் என்று அனுமதி உண்டு. அந்த அளவுக்குத் தேய்ந்தால் விட்டத்தில் ஏறக்குறைய 13 மி.மீ. குறையும், அதாவது 2 சதவீதம். டயர் சிறுத்தால் அதே தூரத்துக்கு அதிகச் சுற்று தேவை, அதனால் மீட்டரும் கூடுதலாகக் காட்டும். காற்றழுத்தமும் வண்டியின் சுமையும் இதைக் கொஞ்சம் மாற்றும். ஆனால் ரேடியல் டயரில் தேய்மானம் அளவுக்கு அவற்றுக்குப் பங்கில்லை.

சரி, டயர் புதிதாக இருந்தாலும் மீட்டர் ஏன் அதிகமாகவே காட்டுகிறது? காரணம் சட்டம். பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. ஒழுங்குமுறை எண் 39, புது மாடலுக்கு ஒப்புதல் தரும் சோதனையில் இப்படிக் கேட்கிறது:

```
0 ≤ V1 − V2 ≤ 0.1 × V2 + 4
```

V1 மீட்டர் காட்டும் வேகம், V2 உண்மையான வேகம், இரண்டும் மணிக்கு கி.மீ. கணக்கில். இடதுபக்கத்துப் பூஜ்யத்தைக் கவனியுங்கள். உண்மையைவிட ஒரு கி.மீ. கூடக் குறைத்துக் காட்டக் கூடாது. கூட்டிக் காட்ட மட்டும் தாராளமான இடம் இருக்கிறது. உண்மையான வேகம் 80 என்றால் மீட்டர் 80 முதல் 92 வரை எதைக் காட்டினாலும் சோதனையில் தேறிவிடும்.

இப்போது தயாரிப்பாளரின் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். தேய்ந்த டயரில் மிகச் சரியாகக் காட்டும்படி வைத்தால், அடுத்த நாள் புது டயர் போட்டதும் மீட்டர் குறைத்துக் காட்டும். அது விதிமீறல். அதே மாடலுக்கு இரண்டு மூன்று டயர் அளவுகள் அனுமதிக்கப்பட்டிருக்கும். ஒரே அளவிலும் ஒரு கம்பெனி டயருக்கும் இன்னொரு கம்பெனி டயருக்கும் சற்று வித்தியாசம் இருக்கும். ஆகவே, இருப்பதிலேயே பெரிய டயர் புதிதாகப் பூட்டியிருந்தாலும் உண்மை வேகத்துக்குக் கீழே போகாதபடி ஒரு கூடுதலைச் சேர்த்துவிடுகிறார்கள். அது பெரும்பாலும் சில சதவீதமும், அதன்மேல் ஓரிரு கி.மீ. நிலையான கூட்டலும் சேர்ந்ததாக இருக்கும்.

இந்தக் கூட்டல் பல கார்களில் மீட்டர் பலகையில்தான் நடக்கிறது. ஸ்கேனரை, வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசும் OBD சாக்கெட்டில் மாட்டி, PID 0D என்ற எண்ணில் வரும் வேகத்தைப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். மீட்டர் 100 காட்டும் நேரத்தில் ஸ்கேனரில் 95 ஓடும். வண்டியின் கம்ப்யூட்டர் நம்பும் வேகம் 95. ஓட்டுபவருக்குக் காட்டுவது 100. சந்தேகத்தோடு வருகிறவர்களுக்கு இதைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டிவிடுவேன், அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

போன் கணக்கிடும் வழி வேறு. செயற்கைக்கோள் சிக்னலின் அலைவரிசை, நாம் நகரும்போது இம்மியளவு மாறும். அந்த மாற்றத்திலிருந்து போன் வேகத்தைக் கண்டுபிடிக்கிறது. திறந்த வானத்தின் கீழ், சீரான வேகத்தில் அது மிகத் துல்லியமானது. ஆனால் பல போன்களில் வினாடிக்கு ஒருமுறைதான் எண் மாறும். செயலிகள் அதையும் சராசரி எடுத்துக் காட்டும். ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போதோ பிரேக் பிடிக்கும்போதோ போன் பின்தங்கித்தான் வரும். உயரமான கட்டடங்களுக்கு நடுவிலும் சுரங்கப் பாதையிலும் அதை நம்ப வேண்டாம்.

சோதிக்கும்போது டயர் குளிர்ந்திருக்கையில் காற்றைச் சரிபார்த்துக்கொண்டு, போக்குவரத்து குறைந்த, சமமான, நேரான சாலைக்குப் போங்கள். க்ரூஸ் கன்ட்ரோல் இருந்தால் அதில் போடுங்கள். மீட்டர் வேகத்தைப் பத்துப் பதினைந்து வினாடி அசையாமல் நிறுத்திய பிறகு, பக்கத்தில் இருப்பவர் போனைப் பார்த்து எழுதட்டும். ஓட்டுபவர் போனைத் தொடவே கூடாது. சாலையின் வேக வரம்புக்குள் குறைந்தது மூன்று வேகங்களிலாவது எடுங்கள். ஒரே வேகத்தில் எடுத்தால் சதவீதக் கூட்டல் எவ்வளவு, நிலையான கூட்டல் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியாது.

பட்டன் பாதி தேய்ந்த 195/65 R15 டயர் போட்ட ஒரு கார் என்று வைத்துக்கொள்வோம். மீட்டரில் 60, 80, 100 வைத்தபோது போனில் 56, 75, 94 கிடைக்கிறது. மீட்டர் 20 ஏறும்போது உண்மை வேகம் 19 ஏறுகிறது. ஆக, ஐந்து சதவீதத்துக்குச் சற்று மேலே, அதன்மேல் ஒரு கி.மீ. கூட்டல். 94-க்கு விதி அனுமதிப்பது 13 வரை, இங்கே 6-தான். இந்த மீட்டர் நன்றாக இருக்கிறது.

இதே காரில் பார்வைக்கு எடுப்பாக இருக்கும் என்று 205/70 R15 மாட்டினால் விட்டம் 668 மி.மீ. ஆகிவிடும், 5 சதவீதத்துக்கு மேல் பெரிது. புது டயர் என்பதால் பட்டன் தேய்மானமும் இல்லை. அதில் இன்னும் ஒரு சதவீதம் போய்விடும். மீட்டர் அதே 100 காட்டும்போது வண்டி உண்மையில் 100-ஐ ஒட்டி ஓடிக்கொண்டிருக்கும். தயாரிப்பாளர் வைத்த கூடுதல் முழுவதும் தீர்ந்துவிட்டது. "நம்ம மீட்டர் ஆறு கூடத்தான் காட்டும்" என்ற பழைய கணக்கிலேயே ஓட்டுபவர் 100 வரம்புள்ள சாலையில் மீட்டரை 106-ல் வைத்து ஓட்டினால், வரம்பை மீறியது அவருக்கே தெரியாது. நான் பெரிதும் கவலைப்படுவது இந்த நிலையைப் பற்றித்தான். டயர் அளவை மாற்றினாலும் சரி, வேறு வண்டிக்கு மாறினாலும் சரி, சோதனையை மறுபடி செய்யுங்கள்.

அப்புறம், மீட்டர் ஆறு சதவீதம் கூட்டிக் காட்டுவதால் ஓடிய கிலோமீட்டரும் ஆறு சதவீதம் கூடுதலாக ஏறியிருக்கும் என்று நினைக்க வேண்டாம். பல வண்டிகளில் வேகத்துக்குச் சேர்க்கும் கூட்டல் தூரக் கணக்குக்குள் போவதில்லை. நேரான நெடுஞ்சாலையில் 20 கி.மீ. ஓட்டி, ட்ரிப் மீட்டரைப் போன் காட்டும் தூரத்தோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். மேலே சொன்ன காரில் அது ஒரு சதவீதம்தான் கூட வரும். அதுவும் பட்டன் தேய்ந்ததால் வந்தது. பெரிய டயர் போட்ட பிறகு அதே தூரக் கணக்கு 5 சதவீதம் குறைவாக ஏறும், சர்வீஸ் இடைவெளியும் அதற்கேற்பத் தள்ளிப்போகும்.

சீரான வேகத்தில் மீட்டர் போனைவிடக் குறைவாகக் காட்டினால், வித்தியாசம் ஒருநாள் 4, மறுநாள் 12 என்று தாவினால், அல்லது முள் நடுங்கினால் வண்டியைக் கொண்டுவாருங்கள். முதலில் டயரில் எழுதியிருக்கும் அளவைக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையோடு ஒப்பிடுவோம். அளவு பொருந்தினால் அடுத்து பார்ப்பது சென்சாரும் அதன் ஒயரும். மீட்டர் பலகையைக் கழற்றுவது அதற்கெல்லாம் பிறகுதான்.