சொல் விளக்கம்: கார்பன் பிளேட் ஷூ

அடிப்பகுதிக்குள் விறைப்பான கரியிழைத் தகடு வைத்த ஓட்டப் பந்தயக் காலணி இது. தமிழில் இதைக் கரியிழைத் தகட்டுக் காலணி என்று சொல்லலாம். நிலக்கரியையும் அடுப்புக்கரியையும் குறித்த லத்தீன் சொல்லான 'கார்போ'விலிருந்து வந்ததுதான் கார்பன். நம் 'கரி' ஒலியில் நெருங்கி வந்தாலும் அந்தச் சொல்லுக்கு உறவில்லை. தட்டையானதைக் குறிக்கும் 'பிளேட்' என்பதற்குத் 'தகடு' கச்சிதமாகப் பொருந்துகிறது.

ஆனால் இந்தப் பெயர் காலணியின் பாதியைத்தான் சொல்கிறது. 2017-இல் இந்த வகையைச் சேர்ந்த நைக்கியின் வேப்பர்ஃப்ளை சந்தைக்கு வந்தபோது, அதே வேகத்தில் ஓட உடல் செலவிடும் ஆற்றல் சராசரியாக 4 சதவீதம் குறைவதாக ஆய்வகச் சோதனை காட்டியது. எல்லோரும் தகட்டையே காரணமாகப் பார்த்தார்கள். பிறகு ஆய்வாளர்கள் அந்தத் தகட்டைக் குறுக்கே அறுத்து, அதன் விறைப்பைப் போக்கிவிட்டு ஓடச் செய்தார்கள். சேமிப்பு பெரிதாகக் குறையவில்லை. வேலையில் பெரும்பங்கு தகட்டைச் சுற்றி அடிப்பகுதியில் இருக்கும் 'பீபா' என்ற பிளாஸ்டிக் நுரையுடையது. காலடி விழும்போது அமுங்கி, வாங்கிய ஆற்றலில் 80 சதவீதத்துக்கும் மேல் அது திருப்பித் தருகிறது. அவ்வளவு மென்மையான நுரை தடுமாறாமல் இருக்கவும், விரல் மூட்டு அதிகம் மடங்காமல் இருக்கவும் தகடு உதவுகிறது.

சரி, நுரைதான் ஆற்றலைத் தருகிறது என்றால் அதைக் கூட்டிக்கொண்டே போகலாமே? அந்தப் போட்டி எல்லையில்லாமல் போகும் என்பதால்தான் விதி தடிமனைப் பிடித்தது. 2019 அக்டோபரில் வியன்னாவில் கென்ய ஓட்டக்காரர் கிப்சோகே இத்தகைய காலணியோடு மாரத்தான் தூரத்தை 1:59:40-இல் ஓடினார். மறுநாளே சிகாகோவில் பிரிஜிட் கோஸ்கெய் அதே வகைக் காலணியோடு மாரத்தானை 2:14:04-இல் முடித்து, 16 ஆண்டு பழைய பெண்கள் சாதனையை முறியடித்தார். 2020 ஜனவரி இறுதியில் உலகத் தடகள அமைப்பு விதியை அறிவித்தது: சாலை ஓட்டத்தில் அடித்தடிமன் 40 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது, விறைப்பான தகடு ஒன்றுக்கு மேல் கூடாது. அப்போதே விற்பனையில் இருந்த முன்னணிக் காலணிகள் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருந்தன. ஆக, வந்ததைத் திருப்பி அனுப்பாமல் அதற்கு மேல் வளராதபடி கோடு போட்டார்கள். எனக்கு இது நியாயமான சமரசமாகவே படுகிறது.

அந்தக் கோடு கண்டிப்பானது. 2021 செப்டம்பரில் வியன்னா மாரத்தானில் எத்தியோப்பியாவின் டெராரா ஹுரிசா 2:09:22-இல் முதலாவதாக வந்தார். சிறிது நேரத்திலேயே தகுதி நீக்கம் செய்யப்பட்டார். அவர் போட்டிக்கு முன் படிவத்தில் குறித்த காலணி ஒன்று, காலில் இருந்தது வேறு. பயிற்சிக்கு யாரும் போடலாம் என்ற வகையைச் சேர்ந்த அதன் அடித்தடிமன் 50 மில்லிமீட்டர். 3 விநாடி பின்னால் வந்த கென்யாவின் லியோனார்ட் லங்காட் வெற்றியாளரானார்.