ஒரு நோயாளியைக் குணமாக்க ஆகும் செலவு: காலியாக இருந்த 25 கட்டங்கள்

காசநோய்க்கு இலவச சிகிச்சை தரும் ஓர் அறக்கட்டளை மருத்துவமனைக்காக இரண்டு திட்டங்களின் செலவை ஒப்பிட்டேன். முதல் திட்டத்தில் நோயாளி மருத்துவமனைக்கு வந்து மருந்து உட்கொள்கிறார். இரண்டாவதில் பணியாளர் வீடு தேடிச் சென்று கொடுக்கிறார். ஒவ்வொன்றிலும் 100 பேர் ஆறு மாதச் சிகிச்சை தொடங்கினர். எண்களை எளிமையாக்கி, நாணயத்தின் பெயரின்றித் தருகிறேன்: முதலாவதன் செலவு 60,000, இரண்டாவதன் செலவு 90,000. பாதியில் நின்றவர்களுக்குச் செலவழித்ததும் இதில் அடங்கும். அதைக் கழித்துவிட்டால் நோயாளிகளைத் தக்கவைக்காத திட்டமே மலிவானதாகத் தோன்றிவிடும்.

நிர்வாகம் தந்த தாளில் குணமடைந்தோர் முறையே 75, 90 என்று இருந்தது. அப்படியானால் ஒருவருக்கு 800, 1,000. வீட்டுத் திட்டத்தை நிறுத்திவிடலாமா என்று கேட்டார்கள். ஆனால் சராசரியை வைத்து அந்த முடிவை எடுக்க முடியாது. கூடுதலாகச் செலவிடும் 30,000, கூடுதலாக எத்தனை பேரைக் குணமாக்குகிறது என்பதே கேள்வி. இங்கே 15 பேர், அதாவது ஒருவருக்கு 2,000. அந்தத் தொகையை வேறு எதில் செலவிட்டால் இதைவிட அதிகப் பயன் கிடைக்கும் என்பதையே அறங்காவலர்கள் எடைபோட வேண்டும்.

பிறகு பதிவேட்டைப் புரட்டினேன். இறுதி மாதச் சளிப் பரிசோதனைக் கட்டம், முதல் திட்டத்தில் 15 பேருக்கும் இரண்டாவதில் 10 பேருக்கும் காலியாக இருந்தது. சிலவற்றின் ஓரத்தில் ‘சளி வரவில்லை’ என்று பென்சிலில் எழுதியிருந்தார்கள். அதில் வியப்பில்லை, உடல் தேறியவருக்குச் சளி வருவதே குறைந்துவிடும். ஆயினும் கிருமி இல்லை என்று பரிசோதனை காட்டாதவரை அவர் ‘சிகிச்சை முடித்தவர்’ மட்டுமே, ‘குணமடைந்தவர்’ அல்லர். இரு சொற்களையும் உலக சுகாதார நிறுவனமும் தனித்தனியாகவே வரையறுக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சொல்வதற்குத்தான் ‘சிகிச்சை வெற்றி’ என்ற தனிச் சொல் இருக்கிறது.

நிர்வாகத்தின் தாளிலோ இந்த 25 பேரையும் குணமடைந்தோராகவே எண்ணியிருந்தார்கள். எனவே உறுதியாகக் குணமடைந்தோர் 60, 80 பேர். அந்த 25 பேரில் எவருமே குணமடையவில்லை என்று கொண்டால், கூடுதலாகக் குணமாகும் ஒருவருக்கு ஆகும் செலவு 1,500. முதல் திட்டத்தின் 15 பேர் மட்டும் உண்மையில் குணமடைந்திருந்தால் 75-க்கு எதிரே 80. செலவு 6,000-க்கு ஏறிவிடும். மாறாக இரண்டாவதன் 10 பேர் மட்டும் குணமடைந்திருந்தால் 60-க்கு எதிரே 90; அது 1,000-க்கு இறங்கிவிடும். சம்பளத்தையும் பயணச் செலவையும் எவ்வளவு நுணுக்கமாகக் கணக்கிட்டாலும், இவ்வளவு பெரிய இடைவெளியை அது சுருக்காது.

இன்னொன்றும் என்னை உறுத்தியது. வீட்டுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டவர்களில் பலர் தொலைவில் வசிப்பவர்கள், நடக்க முடியாதவர்கள். அவர்கள் முதல் திட்டத்தில் இருந்திருந்தால் இடையிலேயே நின்றிருக்கக்கூடும். ஆகவே இந்த எண்கள் வீட்டுத் திட்டத்தின் பயனைக் குறைத்தே காட்டலாம்.

திட்டத்தை நிறுத்தும் பேச்சைத் தள்ளிவைத்து, அந்த 25 பேரையும் அழைத்து, அதிகாலைச் சளி மாதிரி பெற்றுப் பரிசோதிக்கும்படி எழுதிக் கொடுத்தேன். மாதிரி தர முடியாதவர்களைக் கணக்கில் தனி வரிசையாகவே காட்டச் சொன்னேன்.