ஏ.ரி.எம். தந்த தாள் கள்ளத்தாளா, தோய்த்த தாளா?

யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதியில் ஏ.ரி.எம். இயந்திரமொன்று நான்கு ஐயாயிரம் ரூபாத் தாள்களைத் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் மூலை கிழிந்திருக்கிறது. இன்னொன்று வெளிறிச் சோர்ந்துபோய், தொடவே சந்தேகமாக இருக்கிறது. இயந்திரம் இதையெல்லாம் பார்க்காதா?

காசு மட்டும் கொடுக்கும் இயந்திரம் தாளின் முகத்தைப் பார்ப்பதில்லை. பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக இழுத்து, தடிப்பையும் நீளத்தையும் மட்டும் அளக்கும். இரண்டு தாள் ஒட்டி வந்துவிடக் கூடாது என்பதே அதன் கவலை. அதனால் ரேப் ஒட்டிய தாள் தடிப்புக் கூடி, கழிவுப் பெட்டிக்குள் விழ வாய்ப்புண்டு. மூலை போன தாள் வெளியே வந்துவிடலாம், தடிப்புச் சரியான கள்ளத்தாளும் அப்படித்தான். உண்மையான பரிசோதனை, காசை அடுக்குவதற்கு முன் வங்கியின் தரம்பிரிக்கும் இயந்திரத்தில் நடக்க வேண்டியது. காசு வைப்பிலிடும் இயந்திரங்களோ புற ஊதா, அகச்சிவப்பு, காந்த உணரிகளால் தாளைச் சோதிக்கும்.

வெளிறிய தாளுக்கு வருவோம். நாணயத்தாள் பருத்தி நாரில் செய்யப்படுவது. புற ஊதா விளக்கின் கீழ் அது மங்கலாகவே இருக்கும். சாதாரண வெள்ளைக் கடதாசியிலோ வெண்மையூட்டும் இரசாயனம் இருப்பதால் நீலமாக ஒளிரும். கடைக்காரர் விளக்குப் பிடித்துப் பார்ப்பது இதற்குத்தான். ஆனால் அதே இரசாயனம் சலவைத் தூளிலும் இருக்கிறது. சட்டைப் பையோடு தோய்த்த நல்ல தாளும் ஒளிரும்! ஆகவே விளக்கை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் பறவையின் நீர்க்குறி தாளுக்குள்ளேயே தெரிய வேண்டும். பாதுகாப்பு நூலின் நிறம் சரிக்கும்போது மாற வேண்டும். தோய்த்தாலும் நீர்க்குறி அழியாது, ஏனென்றால் அது மை அல்ல, தாளின் தடிப்பில் உள்ள வேறுபாடு.

கிழிந்ததையும் அழுக்கானதையும் வணிக வங்கிக் கிளையில் கொடுத்து மாற்றலாம். மோசமாகச் சிதைந்திருந்தால் முடிவு மத்திய வங்கியினுடையது. வேண்டுமென்றே கிறுக்கிய, வெட்டிய தாளுக்கு மாற்றுக் கிடையாது. அதனால் அடையாளத்துக்கென்று பேனையால் எதையும் எழுதாதீர்கள்.

கள்ளத்தாள் கதை வேறு. அதை வங்கி வைத்துக்கொள்ளும், பெறுமதி தராது, விடயம் பொலிஸுக்கும் போகும். தெரிந்துகொண்டே கடையில் தள்ளிவிட்டால் குற்றவாளி நீங்கள்தான். உங்கள் பிரச்சினை, அந்தத் தாள் இயந்திரத்திலிருந்துதான் வந்தது என்று காட்டுவது. ரசீதில் தாளின் தொடரிலக்கம் இருக்காது. பல இயந்திரங்களின் பதிவேட்டிலும் நேரமும் தொகையும் எந்தப் பெட்டியிலிருந்து எத்தனை தாள் போனது என்பதுமே இருக்கும். கமராவுக்குத் தாளைக் காட்டினால் நீங்கள் அதைக் கையில் வைத்திருந்தது பதிவாகும், இலக்கம் தெளிவாக விழுவது அரிது. இருந்தாலும் காட்டுங்கள். வங்கி திறந்திருந்தால் வெளியே போகாமல் நேரே உள்ளே சென்று, இலக்கத்தோடு எழுத்தில் முறையிட்டு, பற்றுச்சீட்டு வாங்குங்கள். பூட்டியிருந்தால் அங்கேயே நின்று, இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் இலக்கத்துக்கு அழைத்து, முறைப்பாட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வங்கி இழுத்தடித்தால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை 1935 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கலாம்.