சுட்டி இல்லாத மொழியில் இணைப்புப் பட்டியல்: காலி அறைகளின் சங்கிலி

ஆய்வு மாணவர் ஒருவர் தமக்குக் கைமாறி வந்த பழைய ஃபோர்ட்ரான் 77 நிரலிலிருந்து ஒரு வரியை எடுத்தனுப்பி, அதன் பொருள் என்ன என்று கேட்டிருந்தார். `IFREE = NXT(IFREE)` என்பதே அந்த வரி. ஒரு மாறியின் மதிப்பை அணியின் அறை எண்ணாகக் கொண்டு, அந்த அறையில் இருப்பதை எடுத்து, மறுபடியும் அதே மாறியில் வைப்பதால் என்ன நடக்கிறது என்பது அவருக்கு விளங்கவில்லை. இணைப்புப் பட்டியலை அவர் கல்லூரியில் சி மொழியில் படித்தவர். அங்கே சுட்டிகளும் `malloc`, `free` என்ற இரு செயற்கூறுகளும் இருந்தன. ஃபோர்ட்ரான் 77-இல் அவை எவையுமே இல்லை. சுட்டியும், ஓடும்போதே நினைவகம் கேட்டுப் பெறும் வசதியும் அம்மொழியின் தரத்துக்குள் ஃபோர்ட்ரான் 90-இல்தான் வந்தன. அதற்கு முன் எழுதியவர்களிடம் இருந்தது தொடக்கத்திலேயே அளவு அறிவிக்கப்பட்ட அணி மட்டுமே.

இணைப்புப் பட்டியலின் அடிப்படை வாசகர்களுக்குத் தெரிந்ததே. ஒவ்வோர் உறுப்பும் தன் மதிப்போடு, அடுத்த உறுப்பு எங்கே இருக்கிறது என்ற குறிப்பையும் வைத்திருக்கும். அந்தக் குறிப்பு நினைவக முகவரியாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. செய்தித்தாளின் முதல் பக்கச் செய்தி ‘தொடர்ச்சி 7-ஆம் பக்கம்’ என்று முடிந்தால், நாம் 2-ஆம் பக்கத்தைத் தேடுவதில்லை. எண்ணைப் பிடித்துக்கொண்டு நேரே 7-க்குப் போகிறோம். அதுபோலவே, `KEY` என்ற அணியில் மதிப்புகளையும், அதே நீளமுள்ள `NXT` என்ற அணியில் அடுத்த அறையின் எண்ணையும் வைத்தால் பட்டியல் தயார். முதல் உறுப்பு எந்த அறையில் இருக்கிறது என்பதை `IHEAD` சொல்லும். ஃபோர்ட்ரானில் அணியின் அறைகள் வழக்கமாக 1-இலிருந்து தொடங்குவதால், 0 எந்த அறையின் எண்ணாகவும் ஆகாது. எனவே ‘இத்துடன் முடிந்தது’ என்பதைக் குறிக்க 0 இயல்பாகவே பொருந்திவிடுகிறது. (பெயர்களின் முன்னால் நிற்கும் I அலங்காரம் அன்று. வகை அறிவிக்காத மாறி I முதல் N வரையிலான எழுத்தில் தொடங்கினால்தான் அது முழு எண். வெறும் `FREE` என்று எழுதினால் தசம எண்ணாகிவிடும்.)

இதுவரை எளிது. நடுவில் ஓர் உறுப்பை நீக்கினால் அதன் அறை காலியாகும். அடுத்துப் புதிய உறுப்பு வரும்போது அந்தக் காலி அறையை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஒவ்வொரு முறையும் அணியை முதலிலிருந்து துழாவலாம். எம்எஸ்-டாஸ் பயன்படுத்திய ஃபேட் கோப்பு முறைமையில் ஏறக்குறைய இந்த நிலைதான் இருந்தது. அதில் ஒரு கோப்பின் துண்டுகள் இதே போன்ற எண் சங்கிலியாக ஓர் அட்டவணையில் கோக்கப்பட்டிருக்கும். காலித் துண்டுக்கு நேரே 0 இருக்கும். காலி இடம் வேண்டுமானால் அந்த 0-ஐத் தேடிக்கொண்டே போக வேண்டும். வட்டு நிறைய நிறையத் தேடல் நீளும்.

இதற்கு மாற்றாக வந்த உத்தியை நான் எத்தனை முறை பார்த்தாலும் ரசிப்பேன். காலி அறைகளையும் ஓர் இணைப்புப் பட்டியலாகவே கோத்துவிடுவது என்பதுதான் அது. காலி அறையின் `NXT` இடம் எப்படியும் சும்மா கிடக்கிறது. அடுத்த காலி அறையின் எண்ணை அதிலேயே எழுதிவிட்டால், காலி அறைகளின் கணக்கைக் காலி அறைகளே சுமந்துகொள்கின்றன. கூடுதலாகத் தேவைப்படுவது, அந்தச் சங்கிலியின் தலையைக் காட்டும் `IFREE` என்ற ஒரே ஒரு மாறி. லிஸ்ப் மொழியைப் பற்றி ஜான் மெக்கார்த்தி 1960-இல் வெளியிட்ட கட்டுரையிலேயே இத்தகைய காலிப் பட்டியல் விளக்கப்பட்டிருக்கிறது. 1963-இல் ஜோசப் வைசன்பாம் ஃபோர்ட்ரானுக்குள்ளேயே பட்டியல்களைக் கையாள ‘ஸ்லிப்’ என்ற தொகுப்பை அளித்தார். ஆகவே மாணவர் அனுப்பிய வரி ஏதோ ஒருவருடைய தனிப்பட்ட விநோதம் அன்று.

தொடக்கத்தில் எல்லா அறைகளும் காலி. ஆகவே அவற்றை வரிசையாகக் கோக்கிறோம்.

```
      DO 10 I = 1, N-1
        NXT(I) = I + 1
   10 CONTINUE
      NXT(N) = 0
      IFREE = 1
      IHEAD = 0
```

அறை ஒன்றைப் பெறுவதும் திருப்பித் தருவதும் தலா இரண்டு வரிகள்.

```
C     பெறுதல்
      NEW = IFREE
      IF (NEW .NE. 0) IFREE = NXT(NEW)

C     திருப்பித் தருதல்
      NXT(IOLD) = IFREE
      IFREE = IOLD
```

பெறும்போது `NEW`-இல் இருப்பது `IFREE`-இன் மதிப்பே என்பதால், மாணவர் கேட்ட வரியும் இதுதான்: தலையிலுள்ள காலி அறையை எடுத்துக்கொண்டு, தலையை அடுத்த காலி அறைக்கு நகர்த்துகிறது. இரண்டு வேலைகளுமே சங்கிலியின் தலைப்பக்கத்தில் மட்டும் நடப்பதால், அணியில் நூறு அறைகள் இருந்தாலும் பத்து லட்சம் இருந்தாலும் ஆகும் நேரம் ஒன்றே. `NEW` 0 ஆக வந்தால் அணி நிறைந்துவிட்டது என்று பொருள்; அதைச் சோதிக்காமல் மேலே போகக் கூடாது.

ஆறு அறைகள் கொண்ட அணியில், மதிப்புகளை ஏறுவரிசையில் வைத்திருக்கும் பட்டியல் ஒன்றை ஓட்டிப் பார்ப்போம். முதலில் 40 வருகிறது. அதற்கு 1-ஆம் அறை கிடைக்கிறது. அடுத்து வரும் 10-க்கு 2-ஆம் அறை. அது 40-க்கு முன்னால் நிற்க வேண்டியதால் `NXT(2)` 1 ஆகிறது, `IHEAD` 2 ஆகிறது. பிறகு 30-க்கு 3-ஆம் அறை கிடைத்து, அது இரண்டுக்கும் இடையில் கோக்கப்படுகிறது. இப்போது பட்டியல் 2, 3, 1 என்ற அறைகளின் வழியே செல்கிறது. காலிச் சங்கிலி 4, 5, 6. `NXT` அணியை அறை வரிசையில் படித்தால் 0, 3, 1, 5, 6, 0.

இனி 30-ஐ நீக்குவோம். அதற்கு முன் நிற்பது 2-ஆம் அறை என்பது தெரிந்திருக்க வேண்டும். ஒருவழிச் சங்கிலியில் தேடிக்கொண்டு போகும்போதே முந்தைய அறையின் எண்ணையும் கையில் வைத்துக்கொள்வது இதற்காகத்தான். முதலில் `NXT(2)`-இல் `NXT(3)`-இன் மதிப்பான 1-ஐ வைக்கிறோம். அதன் பிறகே 3-ஆம் அறையைத் திருப்பித் தருகிறோம். அப்போது `NXT(3)` 4 ஆகவும், `IFREE` 3 ஆகவும் மாறுகின்றன. இந்த வரிசையை மாற்றினால் 3-இன் பழைய இணைப்பு அழிந்து, 40 பட்டியலிலிருந்து துண்டிக்கப்பட்டுவிடும். அடுத்து 50 வந்தால், கடைசியாகக் காலியான 3-ஆம் அறையே அதற்குக் கிடைக்கிறது. பட்டியல் 2, 1, 3 என்று நடந்து 10, 40, 50 என்று படிக்கிறது. இத்தனை மாற்றங்களிலும் எந்த மதிப்பும் தன் அறையை விட்டு நகரவில்லை.

இப்போது ஒரு பிழையை வேண்டுமென்றே செய்வோம். 30-ஐ நீக்கியபின், 50 வருவதற்கு முன், நிரலின் வேறோர் இடம் 3-ஆம் அறையை இன்னொரு முறை திருப்பித் தந்துவிடுகிறது என்று கொள்வோம். `IFREE` ஏற்கெனவே 3 என்பதால் `NXT(3)`-உம் 3 ஆகிவிடும். அதாவது காலிச் சங்கிலி தன்னைத்தானே சுட்டிக்கொள்ளும். 50-க்கு 3-ஆம் அறை கிடைக்கிறது. `IFREE` இன்னும் 3-லேயே நிற்கிறது. 50 பட்டியலின் கடைசியில் சேர்வதால் `NXT(3)` 0 ஆகிறது. அடுத்து வரும் 60-க்கும் அதே 3-ஆம் அறைதான் கிடைக்கிறது. இம்முறை `IFREE` 0 ஆகிவிடுகிறது. 60-உம் கடைசியில் சேர வேண்டியது என்பதால், கடைசி அறையான 3-இன் இணைப்பில் புதிய அறையான 3 எழுதப்படுகிறது. விளைவாக 50 காணாமல் போகிறது. பட்டியலை அச்சிட்டால் 60, 60 என்று நிற்காமல் வந்துகொண்டே இருக்கிறது. மூன்று அறைகள் உண்மையில் காலியாக இருக்கும்போதே அணி நிறைந்துவிட்டதாக நிரல் அறிவிக்கிறது. திருப்பித் தரும் இரண்டு வரிகளை இடம் மாற்றி எழுதினாலும் `NXT(IOLD)`-இல் `IOLD`-ஏ வந்து உட்கார்ந்து, இதே தன்சுழல் பிறக்கும்.

இங்கே நிரல் தானாக நின்றுவிடாது. அறை எண் எப்போதும் 1-க்கும் 6-க்கும் உள்ளேயே இருப்பதால், அணியின் எல்லையைச் சோதிக்கும் தொகுப்பி கூட வாய் திறக்காது. ஆனால் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஒவ்வோர் அறையும் இரண்டு சங்கிலிகளில் சரியாக ஒன்றில் இருந்தாக வேண்டும். எனவே `IHEAD`-இலிருந்து ஒரு முறையும் `IFREE`-இலிருந்து ஒரு முறையும் நடந்து எண்ணி, கூட்டினால் N வர வேண்டும். குறைந்தால் அறைகள் தொலைந்திருக்கின்றன. N அடிகளைத் தாண்டியும் நடை முடியவில்லையென்றால் சுழல் இருக்கிறது. பழைய நிரல் கையில் கிடைத்தவர்கள் முதலில் எழுத வேண்டியது இந்தச் சோதனையைத்தான். ஆய்வு நிறுவனங்களில் புதுக் கணினி வாங்கப் பணம் ஒதுக்குவது எளிதாக நடக்கிறது. ஏற்கெனவே ஓடும் நிரலுக்கு இப்படிச் சோதனை எழுத ஒருவரை அமர்த்த ஒதுக்குவது அரிதாகவே நடக்கிறது. அது தவறான சிக்கனம் என்பது என் கருத்து.

பிழை நிகழும் கணத்திலேயே பிடிக்கவும் வழி இருக்கிறது, கூடுதல் நினைவகம் இல்லாமலேயே. காலி அறைகளின் இணைப்பை மட்டும் எதிர்க்குறி எண்ணாக வைத்தால் போதும். 0-க்கு எதிர்க்குறி இல்லாததால் ஒன்றைக் கூட்டிக்கொண்டு, `NXT(IOLD) = -(IFREE+1)` என்று எழுதி, பெறும்போது `IFREE = -NXT(NEW)-1` என்று மீட்கலாம். தொடக்கத்தில் காலி அறைகளைக் கோக்கும் வரிகளையும் இதே முறையில் எழுத வேண்டும். திருப்பித் தர வந்த அறையின் இணைப்பு ஏற்கெனவே எதிர்க்குறியாக இருந்தால், அது காலி அறை, அங்கேயே நிறுத்திவிடலாம்.

இதற்கும் பிடிபடாத பிழை ஒன்று உண்டு. நிரலின் ஏதோ ஒரு மூலையில் ‘30 இருப்பது 3-ஆம் அறையில்’ என்று ஒரு மாறி நினைவு வைத்திருக்கிறது. இடையில் 30 நீக்கப்பட்டு அதே அறையில் 50 குடியேறிவிட்டது. அறை நிறைந்துதான் இருக்கிறது, இணைப்பும் ஒழுங்காக இருக்கிறது, உள்ளே இருப்பவர்தான் வேறு. காலிச் சங்கிலி கடைசியாக வந்த அறையை முதலில் கொடுப்பதால் இது அடிக்கடியே நேரும். இதற்கு ஒவ்வோர் அறைக்கும் ஒரு தலைமுறை எண் வைத்து, அறை திருப்பித் தரப்படும்போதெல்லாம் அதை ஒன்று கூட்டுவார்கள். வெளியே நினைவு வைப்பவர்கள் அறை எண்ணோடு தலைமுறை எண்ணையும் சேர்த்து வைத்திருந்து, அணுகும்போது இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பார்கள்.

சுட்டிகள் தாராளமாக உள்ள மொழிகளிலும் இந்த முறையைச் சிலர் விரும்பியே தேர்ந்தெடுக்கிறார்கள். நினைவக முகவரிகள் ஒவ்வோர் ஓட்டத்திலும் மாறக்கூடியவை. அறை எண்கள் மாறாதவை. எனவே இரண்டு அணிகளையும் இரண்டு தலை எண்களையும் அப்படியே கோப்பில் எழுதிவிட்டு, மறுநாள் படித்து, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 64-பிட் கணினியில் ஒரு சுட்டிக்கு 8 பைட் ஆகும் இடத்தில், சில ஆயிரம் அறைகளுக்கு 2 பைட் எண்ணே போதும்.

நெடுநேரம் சேர்த்தும் நீக்கியும் ஓடிய பட்டியலில் அடுத்தடுத்த உறுப்புகள் அணியெங்கும் சிதறிப் போகும். இது சுட்டிப் பட்டியலுக்கும் உள்ள நோய்தான். அப்போது ஒவ்வோர் அடியும் நினைவகத்தின் வெவ்வேறு பகுதிக்குத் தாவுவதால், விரைவு நினைவகத்தின் பயன் குறைந்து நடை மெதுவாகும். பட்டியலை ஒரு முறை நடந்து, உறுப்புகளை இன்னோர் அணியில் 1, 2, 3 என்று வரிசையாக இறக்கி, மீதி அறைகளைக் காலிச் சங்கிலியாகப் புதிதாகக் கோத்தால் இது சரியாகும். ஆனால் வெளியே யாராவது பழைய அறை எண்ணை வைத்திருந்தால் அந்த எண் அக்கணமே செல்லாததாகிவிடும். ஆகவே அப்படி எவரும் வைத்திருக்காத நேரமாகப் பார்த்துத்தான் இதைச் செய்ய வேண்டும்.